கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலும்: ஆய்வுக் கேள்வி சரியாக இருக்கிறதா?

நாகப்பட்டினம் கடைமடைப் பகுதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெல் வயலைக் காயவிட்டுப் பிறகு தண்ணீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை பற்றிக் கட்டுரைகள் மேசை நிறையக் கிடக்கின்றன. சுருக்கம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி குறித்தேன்: இது எதைக் கேட்காமல் விட்டது?

முதலில் ஒரு முரண் தென்பட்டது. வயல் காய்ந்தால் மீத்தேன் குறைகிறது, ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். இதில் ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். வாயுவை அளக்கும் கருவியும் என்னிடம் இல்லை. அதனால் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் இடைவெளி கண்ணில் பட்டது. வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறார்கள். அப்போது தண்ணீர் விவசாயி கையில் இருக்க வேண்டுமே! முறைப்பாசனத்தில் அவர் வாய்க்காலைப் பார்த்துத்தானே காத்திருக்கிறார்? நான் படித்தவற்றில் இதை யாரும் தொடவில்லை.

என் கேள்வி: முறை வைத்துத் தண்ணீர் வரும் கடைமடை வயலில், அடுத்த முறைக்குள் நீர்மட்டம் 15 செ.மீ.யைத் தாண்டி எத்தனை நாள் கிடக்கிறது, அது பூக்கும் பருவத்தில் விழுகிறதா?

ஒரு சம்பாப் பருவத்தில் இதற்கு விடை காண முடியுமா? வடகிழக்குப் பருவமழை குறுக்கே வருமே, குறுவைக்கு மாற்றலாமா? இதே கேள்வியை யாராவது ஏற்கெனவே ஆராய்ந்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.