கிணற்றில் பாதி வழி இலேசு, மேலே வரவரப் பாரம்: இன்னும் மண்டையைக் குடையுது

படுவான்கரையான்:
அம்மம்மா வீட்டுக் கிணற்றில் துலாவுக்குப் பதிலாக மாமா ஒரு உருளை பூட்டியிருந்தார், கைபிடியைச் சுற்றினால் கயிறு சுருண்டு வாளி மேலே வரும் சாமான்தான், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. வாளி தண்ணீரை விட்டு எழும்பும்போது பாரம் ஏறுவது தெரிந்த விசயம், தண்ணீருக்குள் வாளி மிதக்கப் பார்க்கும். ஆனால் கடைசி ஒன்றரை மீற்றரில் திரும்பவும் பாரம் ஏறும். வாளி கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட வரும்போது கை நடுங்கி விட்டுவிட்டேன், கைபிடி திருப்பிச் சுழன்று மணிக்கட்டில் அடித்தது. “கிணறு விடமாட்டன் எண்டுதுகா” என்று அம்மம்மா சிரித்தா. தண்ணீர் கூடவில்லை, கயிறும் குறைந்துகொண்டுதான் வருது. பிறகு ஏன்?

சாய்ந்தமருதுக்காரன்:
களைப்பு, வேறென்ன. எங்கட வாப்பா கப்பி போட்டிருந்தார், கப்பி இருந்தால் பாரம் பாதியாகும், அதுதான் நல்லது. உருளை கைபிடியெல்லாம் வீண் வேலை. கைபிடி நீளமானால் சுற்றும் கூடும், கணக்கு ஒன்றுதான்.

திருக்கோவில் ரீச்சர்:
சாய்ந்தமருது தம்பி, மேலே கட்டின ஒற்றைக் கப்பி பாரத்தில் ஒரு கிலோவும் குறைக்காது, இழுக்கிற திசையைத்தான் மாற்றும். கீழே இழுக்கும்போது உடம்புப் பாரத்தையும் போடலாம், அதனால்தான் வாப்பாவுக்கு இலேசாக இருந்திருக்கும். கைபிடி நீண்டால் சுற்று கூடாது, சுற்றை உருளைதான் தீர்மானிக்கும். கூடுவது கை போகும் வட்டம்.

படுவான்கரை மகன், உருளையின் அளவு நினைவிருக்கா? கயிறு எங்கே சுருண்டது?

படுவான்கரையான்:
போன கிழமை போய் அளந்தேன் ரீச்சர். உருளை விட்டம் 16 சென்ரிமீற்றர், கைபிடி நடுவிலிருந்து 36, தும்புக் கயிறு 2 தடிப்பு. நீர் மட்டத்துக்கு 5 மீற்றர். வாளி கிணற்றுச் சுவரில் அடிபடக்கூடாது என்று மாமா உருளையின் நடுவில் 12 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கட்டை அடித்திருக்கிறார். 36ஐ 16ஆல் பிரித்தேன், இரண்டேகால் வந்தது, அதுக்கும் குழப்பம்தான்.

திருக்கோவில் ரீச்சர்:
அங்கேதான் பிள்ளைகள் எல்லாம் வழுக்குவார்கள், கைபிடி ஆரையை உருளை விட்டத்தால் பிரிப்பது. ஆரை 8, அதோடு கயிற்றின் பாதித் தடிப்பு 1, ஏனென்றால் பாரம் கயிற்றின் நடுவால்தான் இழுக்குது. 36ஐ 9ஆல் பிரித்தால் 4. வாளியோடு 15 கிலோ என்றால் கைக்கு 3¾ கிலோ.

ஆனால் 12 சென்ரிமீற்றரில் கயிறு ஆறு சுற்றுத்தான் அடங்கும். ஆறு சுற்றில் ஏறுவது ஏறக்குறைய 3.4 மீற்றர். மிச்சம் 1.6 மீற்றர் முதல் அடுக்கின் மேலே ஏறிச் சுருளும், அங்கே ஆரை 11. 36ஐ 11ஆல் பிரித்தால் 3¼ சொச்சம். கைக்கு 4.6 கிலோ. அந்த ஒன்றரை மீற்றர் பாரம் இதுதான். சுற்றை எண்ணிப் பாருங்கள், ஒன்பதுக்குக் கிட்ட வரவேண்டியது எட்டேகாலில் முடிந்திருக்கும். கிணறு விடாமல் பிடிக்கவில்லை, உருளை தடித்துவிட்டது.

படுவான்கரையான்:
எண்ணினேன், எட்டும் கொஞ்சமும்! ஆனால் கைபிடி நுனியில் விற்றராசைக் கொழுவி, கைபிடிக்குச் செங்குத்தாக இழுத்துப் பார்த்தால் முதலில் 5, மேலே 6 காட்டுது. உங்கட கணக்கை விடக் கூட.

திருக்கோவில் ரீச்சர்:
உராய்வு. அச்சுக் காய்ந்துபோய்க் கிடக்கும். 15ஐ 5ஆல் பிரித்தால் 3, அதுதான் உண்மையில் கிடைக்கும் பொறிமுறை நயம், ஆரைகளின் விகிதம் 4 என்பது உராய்வே இல்லாவிட்டால் வருவது. கிறீஸ் போட்டுவிட்டுத் திரும்ப அளந்து சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று மேசன்:
இவ்வளவு கதைக்குள் ஒருத்தரும் தடுப்பைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் ஒருமுறை கைபிடி நெஞ்சில் அடித்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் கேளுங்கள். உருளையின் ஒரு முனையில் பல் வைத்த சில்லு, அதில் விழுந்து பிடிக்கிற இரும்பு நாக்கு, இரண்டும் போட்டால் கையை விட்டாலும் வாளி நிற்கும். இறக்கும்போது நாக்கைத் தூக்கிப் பிடிக்கவேண்டும், மறந்தால் கைபிடி அசையாது, மறுகா கிணற்றடியில் நின்று ஏசவேண்டியதுதான். கைபிடியை 60க்கு நீட்டலாம் என்று ஆசைப்படவேண்டாம், அச்சைக் கட்டுக்கு மேலே அவ்வளவு உயர்த்தவேண்டும், மேலே போகும்போது சின்னப் பிள்ளைக்குக் கை எட்டாது. கட்டையைக் கழற்றி அகலமாக அடி தம்பி, ஒரே அடுக்கில் சுருளும்.

படுவான்கரையான்:
அகலமாக அடித்தால் வாளி நகர்ந்து சுவரில் முட்டுமே அண்ணன், மாமா அதுக்குத்தானே அடித்தார்.

சாய்ந்தமருதுக்காரன்:
மெல்லிய நைலோன் கயிறு போடுங்க, 1 சென்ரிமீற்றர். அதே இடைவெளியில் பன்னிரண்டு சுற்று அடங்கும்.

அக்கரைப்பற்று மேசன்:
நைலோன் வெயிலில் காய்ந்து ஒரு நாள் வாளியோடு கிணற்றுக்குள்ளே போகும், பிறகு யார் இறங்குவது?

படுவான்கரையான்:
கிறீஸ் போட்டாச்சு. 4½ காட்டுது, மேலே 5½. கயிறு இன்னும் அதே தும்புதான்.