கோட்டுக்குக் கீழே மேற்படிக்குறி வந்தால் என்ன செய்வது?

வணக்கம். எங்கள் ஊர்க் கோயிலின் பழைய உபயப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதியவர் ஒரே ஊரைத் திரும்ப எழுதாமல் சில இடங்களில் ௸ என்றும், சில இடங்களில் இரட்டைக் குறியும் போட்டிருக்கிறார். ஊர் தெரியாத இடத்தில் சிறு கோடு.

ஏட்டில் உள்ளதை அப்படியே C நிரலில் தட்டச்சு செய்து, D நிரலில் நிரப்புகிறேன். மூலம் கைபடாமல் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நிரப்பி, D நிரலை மதிப்புகளாக ஒட்டிய பிறகே வரிசைப்படுத்துகிறேன். முன்பே வரிசையை மாற்றினால் குறிகள் வேறு யாருடைய ஊரையோ எடுத்துக்கொள்ளும்.

```
=IF(OR(C3="""",C3="௸"),D2,IF(C3="-","",C3&""))
```

சிக்கல் இதுதான். ஒரு பக்கத்தில் கோண்டாவில், ௸, கோடு, ௸ என நான்கு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. சூத்திரம் நான்காவது வரியை வெறுமையாக்குகிறது. ஆனால் மை ஒரே நிறம், கையெழுத்தும் ஒன்று; எழுதியவர் கோட்டைத் தாண்டிக் கோண்டாவிலையே நினைத்திருக்கலாம் என்று மனம் சொல்கிறது.

இன்னொன்று: 40ஆம் தாள் கிழிந்துபோய்விட்டது. 41ஆம் தாளின் முதல் வரி ௸. சூத்திரமோ 39ஆம் தாளின் கடைசி ஊரான இணுவிலைக் கொண்டுவந்து வைத்தது. அந்த இடத்தில் நிரப்பாமல் 'ஐயம்' என்று தனி நிரலில் குறித்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஏடுகளை எழுதிய, அல்லது எழுதக் கண்ட பெரியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கோட்டுக்குக் கீழே ௸ போட்டால் கோட்டைக் குறிப்பார்களா, அதற்கு மேலுள்ள ஊரையா?