சம்பள வரம்பு சொல்லாத வேலை: ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ கட்டத்தில் என்ன போடுவது?

இளவேனில்: விளம்பரத்தில் சம்பளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படிவத்தில் ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ கட்டாயம், எண் மட்டும்தான் ஏற்கிறது. என்ன போடலாம்?

கதிர்: 0 போடுங்கள். முதலில் எண்ணைச் சொல்பவருக்குத்தான் பேரத்தில் நஷ்டம். நேர்காணலில் அவர்களுக்குப் பிடித்துப்போன பிறகு பேசுங்கள்.

மீனாட்சி: ஆள்சேர்ப்பில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன், கதிர் சொல்வது பாதி சரி. எழுத்து ஏற்கும் கட்டமாக இருந்தால் ‘பேசி முடிவு செய்யலாம்’ என்று எழுதிவிடலாம். எண் மட்டும் என்றால், பின்னால் ஒரு வடிகட்டி இருக்கக்கூடும். இன்ன தொகைக்கு மேல் கேட்பவரை ஒதுக்கு என்று விதி வைத்திருந்தால் 0 தப்பித்துவிடும், 999999 மாட்டிக்கொள்ளும். ஆனால் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பவர் 0-ஐக் கண்டு, கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று தள்ளிவைப்பதும் நடக்கிறது.

நானாக இருந்தால் உண்மையான எண்ணைப் போடுவேன். இப்போது 100 வாங்குகிறீர்கள், இதே வேலைக்கு வெளியே 115 முதல் 140 வரை கிடைக்கிறது, 118-க்குக் கீழே உங்களுக்குக் கட்டாது என்று வைத்துக்கொள்வோம். 118 போட்டால் அதற்கு மேல் யாரும் தர மாட்டார்கள். 135 போடுங்கள், இறங்கி வர இடம் இருக்கும். அவர்கள் 130-இல் வடிகட்டி வைத்திருந்தால் வாய்ப்புப் போய்விடும், அது நிஜம். வேலை அவசரம் என்றால் 125.

சுப்பு: எனக்கும் இதே சிக்கல். பழைய சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடலாமா?

மீனாட்சி: அது வேறு கட்டம், சுப்பு. இங்கே கேட்பது உங்கள் விருப்பம். அங்கே கேட்பது நடந்த விஷயம், சம்பளச் சீட்டு கேட்டால் பொய் தெரிந்துவிடும். கூட்டாதீர்கள்.

கதிர்: சரி, அவர்கள் 160 ஒதுக்கியிருந்தால்? 135 போட்டவருக்கு 25 போச்சே!

மீனாட்சி: போகலாம்தான். அதனால்தான் விண்ணப்பிக்கும் முன்பே, விளம்பரத்தில் தொடர்பு முகவரி இருந்தால், இந்த வேலைக்கு ஒதுக்கிய வரம்பு என்ன என்று கேட்டு எழுதச் சொல்வேன். சிலர் சொல்லிவிடுவார்கள்.

இளவேனில்: முகவரி இல்லை அக்கா. மாதத்துக்கா ஆண்டுக்கா என்றுகூடப் படிவம் சொல்லவில்லை.

மீனாட்சி: எண்ணை விட அதுதான் ஆபத்து. ஆண்டுத் தொகை கேட்கும் கட்டத்தில் மாதத் தொகையைப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு கேட்டதாக ஆகும். மாற்றிப் போட்டால் வடிகட்டியில் முதலில் விழுவது நீங்கள்தான். கட்டத்துக்குள் மங்கலாக மாதிரி எண் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால், அந்த ஊரில் இதே துறையினர் சம்பளத்தை எப்படிச் சொல்வார்களோ அப்படிப் போடுங்கள். அப்புறம் முகப்புக் கடிதத்தில் ‘பிடித்தங்களுக்கு முந்தைய ஆண்டுத் தொகை, பேசலாம்’ என்று ஒரு வரி சேருங்கள், மாதக் கணக்கில் போட்டிருந்தால் ‘மாதத் தொகை’ என்று எழுதுங்கள்.

கதிர்: கடிதத்தை யார் படிக்கிறார்கள்? நான் 0-வைத்தான் போடுவேன்.

இளவேனில்: மாதிரி எண் ஐந்து இலக்கத்தில் இருக்கிறது, மாதம் போலத்தான் தெரிகிறது. 135 கணக்குப்படியே போடுகிறேன்.