சமநிலையில் இல்லாத பிரிட்ஜ் சுற்று: நடுத்தடையின் மின்னோட்டத்தில் குழப்பம், உதவுங்கள்

நண்பர்களே, இரண்டு நாளாக ஒரு கணக்கில் நிற்கிறேன். மேல்முனையிலிருந்து இடப்புறம் 20 ஓம், வலப்புறம் 30 ஓம். இரண்டுக்கும் நடுவே 50 ஓம். கீழ்முனைக்கு இடமிருந்து 20, வலமிருந்து 45 ஓம். மின்னழுத்தம் 26 வோல்ட்.

கீழே 40, 60 ஓம் இருந்திருந்தால் பிரிட்ஜ் சமநிலையில் இருக்கும். நடுத்தடையை நீக்கிவிட்டே கணக்கிடலாம். இங்கே அது முடியாது. அதனால் மேல் டெல்டாவை ஸ்டாராக மாற்றினேன். பக்கத்திலுள்ள இரு தடைகளைப் பெருக்கி மொத்தமான 100ஆல் வகுத்ததும் மேலே 6, இடம் 10, வலம் 15 ஓம் கிடைத்தன. இடம், வலம் இரண்டும் கீழ்த்தடைகளோடு தொடராகச் சேர்ந்து 30, 60 ஓம்; அவை பக்க இணைப்பாகி 20 ஓம். மொத்தம் 26 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியர். எவ்வளவு அழகாகச் சுருங்கிவிட்டது!

கேட்டிருப்பதோ 50 ஓமில் ஓடும் மின்னோட்டம். மாற்றியதும் அந்தத் தடையே காணாமல் போகிறது. 15 ஓம் கையில் ஓடும் 333 மில்லிஆம்பியரை எழுதினேன், தவறாம். பிறகு கீழ்த்தடைகளிலிருந்து இடமுனையை 13.33, வலமுனையை 15 வோல்ட் என்று கண்டு, வித்தியாசத்தை 50ஆல் வகுத்தேன்: 33 மில்லிஆம்பியர், வலமிருந்து இடமாக. விடையும் அதுதான்.

முனை மின்னழுத்தங்கள் மாறாததால்தான் இப்படித் திரும்பிவர முடிகிறதா? நடுத்தடையின் மின்னோட்டம் மட்டுமே வேண்டுமென்றால், ஸ்டார் மாற்றத்தை விட்டு நேரே முனைச் சமன்பாடுகளை எழுதுவது எளிதா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.