டிவி மட்டும் ஸ்பீக்கர் குரூப்பில் சேரமாட்டேன் என்கிறது (அவசரம், நாளைக்கு விசேஷம்)

தச்சநல்லூரான் | சனி காலை 7.40

வணக்கம். வீட்டில் டிவியும் நாலு வைஃபை ஸ்பீக்கரும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே குரூப்பாக்கி போனிலிருந்து பாட்டுப் போட வேண்டும். டிவியில் ஓடுவதும் எல்லா அறையிலும் கேட்க வேண்டும். ஸ்பீக்கர் நாலும் சேர்ந்துவிட்டன. டிவி மட்டும் குரூப் லிஸ்டிலேயே வரவில்லை. இரண்டு தடவை ரீசெட் செய்து பார்த்தாயிற்று. நாளைக்குத் தங்கைக்கு வளைகாப்பு, சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மலர்விழி_ஈரோடு | 7.52

என்னிடமும் இதே தொல்லைதான் சார். இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன், ஒன்றில் பாடினால் மற்றது ஊமை. இரண்டு ஸ்பீக்கரிலும் ப்ளூடூத் பட்டனைச் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் ஜோடி சேர்ந்துவிடுகிறது. நீங்களும் அமுக்கிப் பாருங்கள்.

பழைய_கை | 8.05

அம்மா, அவர் வைஃபை என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, இப்படிக் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன டிவி, என்ன ஸ்பீக்கர், எந்த ஆப்? இங்கே வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது.

பீளமேடு_பையன் | 8.11

நூற்றுக்குத் தொண்ணூறு இது 2.4 / 5 பிரச்சினைதான். டிவி 5-இல் இருக்கும், ஸ்பீக்கர் 2.4-இல் இருக்கும். ஒன்றையொன்று பார்க்காது. ரூட்டரில் 5-ஐ அணைத்துவிடுங்கள்.

தச்சநல்லூரான் | 8.30

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நெஸ்ட் மினி மூன்று, நெஸ்ட் ஆடியோ ஒன்று. டிவி சாதா டிவிதான், அதில் கூகுள் டிவி உள்ள குரோம்காஸ்ட் செருகியிருக்கிறேன். கூகுள் ஹோம் ஆப். ஆப்பின் முதல் பக்கத்தில் டிவி பெயர் தெரிகிறது, குரூப் போடும் இடத்தில்தான் காணோம். 5-ஐ அணைத்தும் பார்த்தேன், மாற்றம் இல்லை.

ஓசூர்_கயல் | 8.44

முதல் பக்கத்தில் பெயர் தெரிவதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. உங்கள் கணக்கில் பதிந்திருப்பதால் இணையம் வழியாக அந்தப் பெயர் வந்துவிடும். குரூப்புக்கு மட்டும் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே ரூட்டரில் இருந்தால் 2.4, 5 என்ற பேதம் பொதுவாகத் தடையாகாது. எனக்கு வேறு சந்தேகம். வீட்டில் எத்தனை வைஃபை பெட்டி? குரோம்காஸ்டின் ஐபி முகவரி என்ன, போனின் முகவரி என்ன?

தச்சநல்லூரான் | 9.20

பெட்டி இரண்டு அக்கா. ஃபைபர்காரர்கள் வைத்துவிட்டுப் போனது ஹாலில் இருக்கிறது. மாடிக்கு சிக்னல் போகவில்லை என்று போன வருஷம் இன்னொரு ரூட்டர் வாங்கி, ஹால் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து மாட்டினேன். ஸ்பீக்கர், போன், லேப்டாப் எல்லாம் புது ரூட்டரில். குரோம்காஸ்ட் அதற்கு முன்னாலேயே வாங்கியது, ஹால் பெட்டியில்தான் இருக்கிறது. அதன் முகவரி 192.168.1.7, போன் 192.168.0.104.

பழைய_கை | 9.31

லேப்டாப்பிலிருந்து குரோம்காஸ்டுக்கு பிங் அடித்து, வருவதை அப்படியே ஒட்டுங்கள்.

தச்சநல்லூரான் | 9.38

```
ping 192.168.1.7
Reply from 192.168.1.7: bytes=32 time=9ms TTL=63
```

பழைய_கை | 9.41

பதில் வருகிறது அல்லவா? அப்படியென்றால் நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. குரோம்காஸ்ட் போய்விட்டது, வேறு வாங்குங்கள். முப்பது வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

ஓசூர்_கயல் | 9.55

ஐயா, அந்த வரியின் கடைசியைப் பாருங்கள். குரோம்காஸ்ட் அனுப்பும்போது அந்த எண் 64 ஆக இருக்கும். ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். இங்கே 63 என்று வந்திருக்கிறது, அதாவது நடுவில் ஒரு ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 0-வும் 1-உம் வேறு வேறு என்பது முகவரியிலேயே தெரிகிறது.

பிங் குறிப்பிட்ட முகவரிக்குப் போகிற கடிதம் மாதிரி, ரூட்டர் அதை வாங்கி அந்தப் பக்கம் சேர்த்துவிடும். ஸ்பீக்கரைத் தேடும் ஆப் கடிதம் போடுவதில்லை, தெருவில் நின்று கூப்பிடுகிறது. 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு "யார் யார் இருக்கிறீர்கள்" என்று கேட்கும். அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டாது. புது ரூட்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர்கள் பதில் சொல்கின்றன, வெளியே இருக்கும் குரோம்காஸ்டின் காதில் விழவே இல்லை.

புது ரூட்டரின் செட்டிங்கில் Access Point என்று இருந்தால் அதைப் போடுங்கள். அது தனி வீடாக இல்லாமல் ஹால் பெட்டியின் கிளையாக மாறிவிடும். இல்லையென்றால் DHCP-ஐ அணைத்து, கேபிளை WAN துளையிலிருந்து LAN துளைக்கு மாற்ற வேண்டும்.

தச்சநல்லூரான் | 10.50

Access Point இல்லை, பழைய மாடல். DHCP-ஐ அணைத்தேன், வீடு முழுக்க நெட் போய்விட்டது. ரூட்டர் பக்கமும் திறக்கவில்லை. மொபைல் டேட்டாவில் எழுதுகிறேன். அம்மா திட்டுகிறார்கள்.

ஓசூர்_கயல் | 10.58

கேபிளை மாற்றினீர்களா? இல்லை என்று நினைக்கிறேன். அதனால் எந்தச் சாதனத்துக்கும் முகவரி கொடுக்க ஆளில்லை. பயப்பட வேண்டாம்.

லேப்டாப்பை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, அதற்கு நீங்களே 192.168.0.50 என்று முகவரி கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0. இப்போது 192.168.0.1 திறக்கும். உள்ளே போய் ரூட்டரின் LAN முகவரியை ஹால் பெட்டி பகிராத ஓர் எண்ணாக மாற்றுங்கள். ஹால் பெட்டி எதுவரை பகிர்கிறது என்று அதன் DHCP பக்கத்தில் இருக்கும். சேமித்த பிறகு கேபிளை LAN துளையில் செருகுங்கள். லேப்டாப்பின் முகவரியைத் திரும்ப ஆட்டோவில் விட மறக்காதீர்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறாததால் ஸ்பீக்கர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை, பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் போதும்.

மைக்செட்_பாண்டி | 11.15

இத்தனை கூத்து எதுக்குண்ணே? டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு ஒயர், ஒரு ஆம்ப்ளிஃபையர், ரூமுக்கு ஒரு பெட்டி. மண்டபத்தில் இருபது பெட்டி கட்டுகிறேன், ஒருத்தன் ஐபி கேட்டதில்லை.

டொரண்டோ_சிவா | 11.29

பாண்டி அண்ணை, சுவர் உடைச்சு ஒயர் இழுக்க எங்கட வீட்டுக்காரர் விடமாட்டார். நான் ஐபோனில் ஏர்ப்ளே 2 தான் பாவிக்கிறன். டிவி, மூண்டு ஸ்பீக்கர், எல்லாத்தையும் டிக் போட்டால் ஒரே பாட்டு. ஒவ்வொண்டின் சத்தத்தையும் தனித்தனியாக் குறைக்கலாம்.

மைக்செட்_பாண்டி | 11.36

பாட்டு சரி தம்பி. டிவியில் மேட்ச் ஓடும்போது உங்கள் மூன்று பெட்டியிலும் கமெண்ட்ரி வருமா?

டொரண்டோ_சிவா | 11.50

அது வராது. பாட்டு மட்டும்தான்.

மைக்செட்_பாண்டி | 11.51

அதைத்தான் சொன்னேன்.

தச்சநல்லூரான் | மதியம் 1.10

வந்துவிட்டது அக்கா! ஹால் பெட்டி 192.168.1.2 முதல் 200 வரை பகிர்கிறது, அதனால் ரூட்டருக்கு 192.168.1.250 கொடுத்தேன். குரூப்பில் ஐந்தும் சேர்ந்தன. யூடியூப் மியூசிக்கில் பாட்டுப் போட்டால் டிவி தானாக எழுந்து பாடுகிறது.

இரண்டு விஷயம் மிச்சம். யூடியூப் ஆப்பில் குரூப் பெயர் வரவில்லை. அப்புறம், செட்டாப் பாக்ஸில் மேட்ச் போட்டால் சத்தம் டிவியில் மட்டும்தான். சித்தப்பாக்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு ஸ்கோர் கேட்பார்கள்.

பழைய_கை | 1.18

செட்டாப் பாக்ஸ் இருப்பதை இப்போதுதான் சொல்கிறீர்கள்.

ஓசூர்_கயல் | 1.40

யூடியூப் ஆப் வீடியோவுக்கானது, வெறும் ஸ்பீக்கர் குரூப்பை அது காட்டாது. யூடியூப் மியூசிக்கிலேயே போடுங்கள்.

மேட்ச் விஷயத்தில் பாண்டி அண்ணன் சொல்வதுதான் சரி. போனிலிருந்து அனுப்புவதை மட்டும்தான் இந்த குரூப் வாங்கிக்கொள்ளும். செட்டாப் பாக்ஸின் சத்தம் HDMI வழியாக நேரே டிவிக்குப் போகிறது, குரோம்காஸ்ட் அதைத் தொடுவதே இல்லை.

தொட்டாலும் பயனில்லை. ஐந்து இடத்திலும் ஒரே கணத்தில் பாட வேண்டும் என்பதால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். நீங்கள் ப்ளே அமுக்கியதும் ஒரு சின்ன மௌனம் வருகிறதே, அது இதனால்தான். பாட்டுக்கு அந்தத் தாமதம் தெரியாது. மேட்சுக்குத் தெரியும், படம் காத்திருக்காது. படத்தைவிடச் சத்தம் சுமார் 125 மில்லி விநாடி பிந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் அளவு இருக்கிறது. டிவி சத்தத்தையே மற்ற அறைக்கு அனுப்ப வேண்டுமென்றால், டிவியின் ARC துளையில் மாட்டும் சவுண்ட்பாரும் அதே கம்பெனி ஸ்பீக்கர்களும் வாங்க வேண்டும். சோனோஸ் அப்படிச் செய்கிறது, செலவு அதிகம்.

மைக்செட்_பாண்டி | 1.52

மொட்டை மாடியில் டிவி தெரியாது அல்லவா? படம் பார்க்காதவனுக்குத் தாமதம் என்ன செய்யும்? ஒரு நீள ஒயரும் ஒரு பெட்டியும் போதும். ஒன்று, ஒயர் போட்டாலும் இரண்டு பெட்டி தூரத்தில் இருந்தால் எதிரொலி மாதிரி கேட்கும். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி வைத்தால் பத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தும். மண்டப வாசலில் இதைத்தான் நாங்கள் சரிசெய்கிறோம்.

பீளமேடு_பையன் | 2.05

கூகுளில் குரூப் முழுவதற்கும் ஒரே வால்யூம் வைக்க முடியாதே, சோனோஸ் வழக்குப் போட்டு எடுத்துவிட்டார்களே?

பழைய_கை | 2.14

அது 2022 ஜனவரிச் செய்தி. அமெரிக்க வணிக ஆணையத்தில் சோனோஸ் ஜெயித்ததும் எடுத்தார்கள். பிறகு திரும்பக் கொடுத்துவிட்டார்கள். செய்தியும் படிப்பதில்லை, பழைய இழையும் படிப்பதில்லை.

பீளமேடு_பையன் | 2.16

சரி சரி, கேட்டது தப்பா?

மலர்விழி_ஈரோடு | 2.30

என் ப்ளூடூத் ஸ்பீக்கரை இந்த குரூப்பில் சேர்க்க முடியுமா?

ஓசூர்_கயல் | 2.37

நேரடியாக முடியாது அக்கா. ஒரு நெஸ்ட் மினியோடு அதை ப்ளூடூத்தில் இணைத்து, அதன் வெளியீட்டு ஸ்பீக்கராக வைக்கலாம். ஆனால் அது மட்டும் பிந்திப் பாடும். ஆப்பில் Group delay correction என்று ஒன்று இருக்கும், காதால் கேட்டுக்கேட்டு நகர்த்தித்தான் சேர்க்க வேண்டும்.

தச்சநல்லூரான் | செவ்வாய் இரவு 10.15

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பாட்டு எல்லா அறையிலும் ஒன்றாக ஓடியது. மாடிக்கு ஒயர் இழுத்துவிட்டேன். கயல் அக்காவுக்கும் பாண்டி அண்ணனுக்கும் நன்றி. அடுக்களை மினி மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் குரூப்பிலிருந்து விழுந்து தானாகவே திரும்பி வருகிறது.

ஓசூர்_கயல் | செவ்வாய் இரவு 10.40

அடுக்களை மினி எந்தப் பெட்டியின் வைஃபையில் இருக்கிறது? ஹால் பெட்டியில் IGMP snooping என்று ஒரு செட்டிங் இருந்தால், அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விழும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

பழைய_கை | வியாழன் காலை 6.20

மிக்ஸி ஓடும் நேரத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். பதில் வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.