புதுப்பிப்பு: படிக்கும்போது மகனுக்கு வரும் தலைவலி

முன்பு கேட்டது: "பார்வை 6/6 என்கிறார்கள், பிறகு ஏன் சிறிது நேரம் படித்ததும் தலைவலி வந்து எழுத்துகள் கலங்குகின்றன?"

கண் பரிசோதகராகப் பணிபுரியும் உறுப்பினர் சொன்னபடி, அருகிலுள்ள பொருளைப் பார்க்க இரு கண்களும் மூக்கை நோக்கித் திரும்பிக் குவியும் தூரத்தை அளக்கச் செய்தோம். பென்சில் முனையை மூக்கை நோக்கி நகர்த்தியபோது, 15 செ.மீ. தூரத்திலேயே மகனுக்கு அது இரண்டாகத் தெரிந்தது, வலக்கண் வெளிப்புறம் விலகியது. சாதாரணமாக 6 செ.மீ. வரை ஒன்றாகவே தெரிய வேண்டுமாம். தொலைவில் உள்ள எழுத்தை வாசிக்கும் 6/6 சோதனையில் இக்குறை வெளிப்படாது.

ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று தம் அனுபவத்தை எழுதிய அக்காவுக்கு: இவனுக்கு வலி படிக்கும்போது மட்டுமே வருகிறது. கண்ணாடி போதும் என்ற நண்பர் சொன்னது பாதி சரி. கண்கள் குவிய வேண்டிய அளவைக் குறைக்கும் பட்டகக் கண்ணாடி சிலருக்கு உதவலாம், ஆனால் குவியும் திறனை அது வளர்ப்பதில்லை.

வாரந்தோறும் மருத்துவமனையிலும், தினமும் 15 நிமிடம் வீட்டிலும் எனப் 12 வாரப் பயிற்சி தந்துள்ளனர். மணிகள் கோத்த கயிற்றின் ஒரு முனையை மூக்கருகே பிடித்து அருகிலுள்ள மணியைப் பார்த்தால், கயிறு இரண்டாகி அந்த மணியிலேயே குறுக்கிட வேண்டும். அதற்கு அப்பால் குறுக்கிட்டால் கண்கள் போதுமான அளவு குவியவில்லை என்று பொருள். பென்சிலை மூக்கை நோக்கி நகர்த்திப் பார்க்கும் பயிற்சி மட்டும் போதாதா என்று கேட்டேன். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி பெற்ற சிறுவர்களில் சுமார் 73 விழுக்காட்டினரும், வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் சுமார் 43 விழுக்காட்டினரும் முன்னேறியதாகச் சொன்னார்கள். எழுத்துகள் கலங்குவது குறைந்திருக்கிறது. மாலையில் படிக்கும்போது வரும் தலைவலி இன்னும் முழுமையாக விடவில்லை.