பானி பூரி உப்புகிறது, ஆனால் ஆறினதும் நமத்துப்போகிறது. என்ன செய்யலாம்?

ரவை பூரி பொரிப்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அளவு: நைஸ் ரவை 1 கப், மைதா 2 ஸ்பூன், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் ஊறவைத்து, மறுபடி நன்றாக அடித்துப் பிசைந்துதான் தேய்க்கிறேன்.

எண்ணெய் நல்ல சூட்டில் இருக்கும்போது போட்டு ஜல்லிக்கரண்டியால் லேசாக அழுத்தினால் உடனே பந்து மாதிரி உப்பிவிடுகிறது, ஆனால் சட்டென்று சிவந்துவிடுவதால் எடுத்துவிட வேண்டியிருக்கிறது, அப்புறம் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். உடைத்துப் பார்த்தால் மேல்பக்கம் மெல்லிசு, அடிப்பக்கம் தடிமனாக, உள்ளே ஈரப்பசை. சரி என்று தீயைக் குறைத்துப் போட்டால் உப்பவே இல்லை, தட்டையாக மொறுமொறுவென்று ஆகிறது.

ஒரு மணி நேரம் ஊறவைத்தும் பார்த்தேன், மாவு இழுபட்டது, பலன் அதேதான். இன்னும் மெல்லிசாகத் தேய்த்ததில் பாதி உப்பவில்லை. தேய்த்ததை ஈரத்துணிக்கு அடியில்தான் வைக்கிறேன், காயவிடவில்லை.

அதிகச் சூட்டில் உப்பவைத்து, உடனே தீயைக் குறைத்து அதே எண்ணெயில் மொறுமொறுப்பாகும் வரை விடுவதா, இல்லை எல்லாவற்றையும் உப்பவைத்து எடுத்துவிட்டு மிதமான சூட்டில் இரண்டாம் முறை பொரிப்பதா, உங்களுக்கு எது சரியாக வந்தது?